165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இலேயே நின்றால் எங்கே பார்ப்பது

"அண்ணே, லோயாட்டில் 27 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கி செந்தூல் வீட்டில் மாட்டியாச்சு. 1440பி, 165 ஹெர்ட்ஸ். ஆனால் விண்டோஸ் 11-இல் 60 மட்டும்தான் காட்டுகிறது, தேர்ந்தெடுக்க வேறு எண்ணே இல்லை. பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளைத்தான் போட்டிருக்கிறேன். கேபிளை மாற்றினால் போதுமா? கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இலும் 60 மாதிரிதான் தெரிகிறது."

தம்பி, கேபிள் வாங்க இன்னும் கிளம்பாதீர்கள். எந்த இடத்தில் அடைப்பு இருக்கிறது என்பதை விண்டோஸே ஓரளவு சொல்லிவிடும். `Settings`, அதில் `System`, அதில் `Display`, அதற்குள் கீழே `Advanced display` என்று போங்கள். மேலே மானிட்டரின் பெயருக்குக் கீழ் `Display 1: Connected to` என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். பலரும் அதைப் படிக்காமல் நேராக `Choose a refresh rate` பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியது அந்த வரிதான்.

அங்கே உங்கள் கிராபிக்ஸ் கார்டின் பெயர் வர வேண்டும். அதற்குப் பதிலாக `Intel(R) UHD Graphics` என்றோ, தனி கார்டின் மாதிரி எண் எதுவும் இல்லாமல் வெறும் `AMD Radeon(TM) Graphics` என்றோ வந்தால், மேசைக் கணினியில் அதற்கு ஒரே பொருள்தான். கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறீர்கள். பெட்டியின் பின்பக்கம் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு நடுவே ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும், அது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே தனியாக, படுக்கை வாட்டில் மூன்று நான்கு துளைகள் வரிசையாக இருக்கும், அதுதான் கார்டு. மேசைக்கு அடியில் குனிந்து கையால் தடவிச் செருகும்போது யாருக்கும் இந்தத் தவறு நடக்கும். படமும் வந்துவிடுவதால் சந்தேகமே வராது. ஒருவேளை அந்த வரியில் `Microsoft Basic Display Adapter` என்று இருந்தால் கேபிளைத் தொட வேண்டாம், கார்டின் டிரைவரே நிறுவப்படவில்லை. டிரைவரைப் போட்டு கணினியை மறுபடி தொடங்கினால் பட்டியல் தானாக நிரம்பும்.

கணினியில் இருக்கும் எல்லா கிராபிக்ஸ் சாதனங்களையும் ஒரே பார்வையில் பார்க்க பவர்ஷெல்லில் இதை அடிக்கலாம்:

```
Get-CimInstance Win32_VideoController |
  Select-Object Name, CurrentRefreshRate
```

எந்தப் பெயருக்கு எதிரே எண் வருகிறதோ, திரையை ஓட்டுவது அதுதான். எண் இல்லாத பெயர் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இப்போது என் அக்கா மகனின் கதையைச் சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு அவ்வளவு ஒத்துப்போகிறது. பத்துமலையில் இருக்கிறான். இன்டெல் 10-ஆம் தலைமுறை ஐ5, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, உங்களுடையதைப் போலவே 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். டெக்கோடரோடு வந்த பழைய எச்டிஎம்ஐ கேபிள் வீட்டில் கிடந்தது, அதைப் போட்டிருந்தான். விண்டோஸில் 60 மட்டும். கார்டு பழுதாகிவிட்டதோ என்று பயந்துபோய் என்னை அழைத்தான். போய் அந்த வரியைப் பார்த்தால் `Intel(R) UHD Graphics 630`. அவ்வளவு விலை கொடுத்த 3060 திரைக்குப் படமே அனுப்பாமல் இருந்திருக்கிறது.

மதர்போர்டு துளையில் ஏன் 60? இதற்குக் கொஞ்சம் கணக்கு பார்த்தால்தான் கேபிள் விஷயமும் புரியும். 1440பி திரையில் 2560 பெருக்கல் 1440, அதாவது ஏறக்குறைய 37 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். நொடிக்கு 60 தடவை அனுப்பினால் 5.3 ஜிகாபிட் ஆகிறது. 144 தடவை என்றால் 12.7, 165 தடவை என்றால் 14.6. படத்துக்கும் படத்துக்கும் இடையில் விடும் சிறு இடைவெளிகளுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறை இன்டெல் சிப்பின் எச்டிஎம்ஐ, 1.4 பதிப்பு. அதில் படத்துக்குக் கிடைப்பது 8 ஜிகாபிட்டை ஒட்டித்தான். 5.3 தாராளமாகப் போகும், 12.7 போகவே போகாது. போகாத எண்ணை விண்டோஸ் பட்டியலில் காட்டுவதில்லை, அதனால்தான் 60 மட்டும் நின்றது. எந்த அமைப்பை மாற்றினாலும் இந்த அடைப்பு நீங்காது, துளையைத்தான் மாற்ற வேண்டும்.

அதே கேபிளைப் பிடுங்கி 3060-இன் எச்டிஎம்ஐ துளையில் செருகினோம். பட்டியலில் உடனே 120-உம் 144-உம் வந்தன. 165 வரவில்லை. அவனுக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் இதுவும் கணக்குப்படிதான். கார்டின் பக்கம் எச்டிஎம்ஐ 2.1 இருந்தாலும் மானிட்டரின் பக்கம் இருப்பது 2.0. இரண்டில் சிறியதுதான் முடிவு செய்யும். 2.0-இல் படத்துக்குக் கிடைப்பது 14.4 ஜிகாபிட். 144-க்குப் போதும், 165-க்குப் போதாது. பெட்டியில் பெரிதாக 165 என்று அச்சிட்டிருப்பார்கள், எச்டிஎம்ஐ வழியாக 144 வரைதான் என்பதைக் கையேட்டின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் மானிட்டரின் கையேட்டில் அந்த அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

144-ஐத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துப்போனது. 15 நொடி கழித்து விண்டோஸ் தானே பழைய 60-க்குத் திரும்பியது. மறுபடி முயன்றோம், இந்த முறை படம் வந்தது, ஆனால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நொடிப்பொழுது இருண்டு இருண்டு வந்தது. இங்கேதான் கேபிளின் குற்றம். இந்த வேறுபாட்டை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையமே இதுதான்.

எச்டிஎம்ஐ 2.0 வரைக்கும், கேபிள் எவ்வளவு தரமானது என்று கணினிக்குத் தெரியாது. மானிட்டர் தன் திறமைகளை ஒரு சிறு பட்டியலாக மெதுவான தனிக் கம்பி வழியாகச் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டு விண்டோஸ் எண்களைக் காட்டுகிறது. கேபிள் மட்டமாக இருந்தாலும் அந்தச் சிறு பட்டியல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே மட்டமான எச்டிஎம்ஐ கேபிளில் 144 என்ற எண் பட்டியலில் இருக்கும், தேர்ந்தெடுத்த பிறகுதான் கறுக்கும், மின்னும், வெள்ளைப் புள்ளிகள் தூவும். எண்ணே பட்டியலில் இல்லை என்றால் பெரும்பாலும் கேபிள் காரணமில்லை. துளையோ, மானிட்டரின் உள்ளீடோ, டிரைவரோதான்.

டிஸ்ப்ளேபோர்ட்டில் இது தலைகீழ். அங்கே கார்டும் மானிட்டரும் முதலில் கேபிள் வழியாக ஒரு சோதனை ஓட்டம் நடத்தி, எவ்வளவு வேகம் சுத்தமாகப் போகிறது என்று பார்த்து, போகாவிட்டால் ஒரு படி கீழே இறங்கிவிடும். அதனால் மட்டமான டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் திரை மின்னாமலே உயர்ந்த எண்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம். ஒரே அறிகுறிக்கு இரண்டு கேபிள்களிலும் வேறு வேறு காரணம். இது தெரியாமல்தான் ஒன்றன்பின் ஒன்றாக எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக் குவிக்கிறார்கள்.

அவனுடைய மானிட்டர் பெட்டியைத் தேடச் சொன்னேன். தெர்மோகோல் அடியில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பிரிக்காத பையோடு கிடந்தது. 144-க்கு மேல் போகும் மானிட்டர்களில் பெரும்பாலும் இது கூடவே வரும். உங்கள் பெட்டியையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு மீட்டருக்கு மேல் போகாத ஒன்றை வாங்குங்கள், டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா (VESA) அமைப்பின் சான்று பெற்றது என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். இதற்கு நூறு வெள்ளியெல்லாம் தேவையில்லை. நீளம் கூடக் கூட சிக்கலும் கூடும். கணினியை அலமாரிக்குள் வைத்து ஐந்து மீட்டர் கேபிள் இழுக்க நினைத்தால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டுப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

கேபிளை மாற்றிய பிறகு மானிட்டரின் சொந்த மெனுவில் உள்ளீட்டை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றினோம். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இலேயே படத்துக்கு 17 ஜிகாபிட்டுக்கு மேல் கிடைக்கிறது, 165-க்கு அது போதும். பட்டியலில் 165 வந்தது, தேர்ந்தெடுத்தோம், `Keep changes` அழுத்தினோம், திரை அசையாமல் நின்றது.

உங்களுக்கு டிஸ்ப்ளேபோர்ட் போட்டும் 165 வரவில்லை என்றால் மானிட்டர் மெனுவுக்குள் இரண்டு இடம் பாருங்கள். சில மானிட்டர்களில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பைத் தேர்வு செய்யும் ஒரு வரி இருக்கும். அது 1.1-இல் இருந்தால் 1440பி-க்கு 60-ஐத் தாண்டுவது கடினம், 1.2-க்கோ 1.4-க்கோ மாற்ற வேண்டும். வேறு சில மானிட்டர்கள் பிறப்பில் 144, ஓவர்கிளாக் என்ற வரியை இயக்கினால்தான் 165. மாற்றியதும் திரை ஒருமுறை அணைந்து எரியும், பயப்பட வேண்டாம்.

மாற்றி இணைக்கும் குட்டி அடாப்டர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் அதில் ஒரு வாரத்தைத் தொலைத்தவன். பிரிக்பீல்ட்ஸில் இருந்த பழைய வீட்டில் கார்டில் இருந்த எச்டிஎம்ஐ துளை தொலைக்காட்சிக்குப் போய்விட்டது என்று, டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றை ஒரு கடையில் வாங்கிப் போட்டேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-ஐத் தாண்டவில்லை. அந்த வகை அடாப்டர்களில் பழைய ரகம் 1080பி-யில் 60 வரைக்கும்தான் உருவாக்கப்பட்டது. டிரைவரை நான்கு முறை அழித்துப் போட்டேன், விண்டோஸையே மறுபடி நிறுவினேன், கடைசியில் நேர் கேபிள் ஒன்று போட்டதும் ஒரு நிமிடத்தில் 144 வந்தது. முடிந்தவரை நடுவில் எதையும் செருகாதீர்கள். அப்புறம் கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று எதிர்த்திசையில் மாற்ற அந்த மலிவான அடாப்டர் வேலையே செய்யாது, அதற்கு மின்சாரம் எடுக்கும் தனிச் சாதனம் வேண்டும்.

விண்டோஸ் பக்கம் இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது ரெசல்யூஷன். சில 1440பி மானிட்டர்கள் கேம் கன்சோல்களுக்காக 3840 பெருக்கல் 2160 படத்தையும் ஏற்றுக்கொண்டு சுருக்கிக் காட்டும். விண்டோஸ் அதைத் தேர்ந்துகொண்டிருந்தால் அந்த அளவுக்கு 60 மட்டுமே கிடைக்கும். `Advanced display` பக்கத்தில் `Desktop mode`, `Active signal mode` என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் 2560 × 1440 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வரிதான் கேபிள் வழியாக உண்மையில் போவது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Change resolution` பக்கத்திலும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கும். மேலே `Ultra HD, HD, SD` என்பது தொலைக்காட்சிக்கானது, கீழே `PC` என்பது மானிட்டருக்கானது. 1080பி மானிட்டர் வைத்திருப்பவர்கள் மேலே இருக்கும் 1920 × 1080-ஐ அழுத்திவிட்டு 60-க்கு மேல் காணவில்லையே என்று தேடுவார்கள். கீழே உருட்டி `PC` பகுதியில் இருக்கும் அதே அளவைத் தேர்ந்தெடுத்தால் 144 வரும்.

இரண்டாவது, ஒரே படத்தை இரண்டு திரைக்கு அனுப்புவது. வரவேற்பறை தொலைக்காட்சியையும் கணினியில் இணைத்து `Duplicate` போட்டிருந்தால் இரண்டுக்கும் பொதுவான வேகத்தில்தான் ஓடும், தொலைக்காட்சி 60 என்றால் மானிட்டரும் 60. விண்டோஸ் விசையோடு P அழுத்தி `Extend` தேர்ந்தெடுங்கள். அப்போது ஒவ்வொரு திரைக்கும் அதனதன் வேகத்தைத் தனித்தனியாக வைக்கலாம்.

சரி, கேமுக்கு வருவோம். அக்கா மகனுக்கு விண்டோஸில் 165 நின்ற பிறகும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 திறந்ததும் பழையபடி இழுத்த மாதிரி இருந்தது. இங்கே இரண்டு வெவ்வேறு எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கார்டு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது ஒன்று, மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை திரையை மாற்றுகிறது என்பது இன்னொன்று. கார்டு 250 படம் வரைந்தாலும் மானிட்டர் 60-இல் இருந்தால் உங்கள் கண்ணுக்கு 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் திரை மாறும். 165 என்றால் 6 மில்லிநொடிக்கு ஒருமுறை.

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரின் பட்டனை அழுத்தி, அதன் தகவல் பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் இயக்கத்தில் இருந்தால் அந்த எண் கார்டு வரையும் படங்களின் எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து ஏறி இறங்கும், ஆகவே இந்தச் சோதனைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். மானிட்டர் 60 என்று காட்டினால் கேம் திறக்கும்போது வேகத்தைத் தானே மாற்றியிருக்கிறது. 165 காட்டியும் கேமின் எஃப்பிஎஸ் எண் 60-இல் நின்றால் கேமுக்குள் எங்கோ கட்டுப்பாடு இருக்கிறது.

அவனுக்கு முதல் வகை. கேம் முழுத்திரையில் ஓடும்போது விண்டோஸ் சொல்வதைக் கேட்காமல் தன்னிடம் சேமித்திருக்கும் வேகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேமை முதன்முதலில் அமைத்த நாளில் மானிட்டர் 60-இல் இருந்ததால் அந்த 60 அப்படியே பதிவாகிக் கிடந்தது. வீடியோ அமைப்பில் `Display Mode` `Fullscreen` என்று இருக்கும்போது `Refresh Rate` என்ற வரி வரும், அதில் 165-ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்ததும் சரியாகிவிட்டது. `Fullscreen Windowed` வைத்தால் அந்த வரிக்கே வேலை இல்லை, டெஸ்க்டாப்பின் வேகத்தையே கேமும் எடுத்துக்கொள்ளும். ரெசல்யூஷனைக் குறைத்து ஆடுபவர்கள் அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த வரியைத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேகப் பட்டியல் ஒவ்வொரு அளவுக்கும் தனி.

சில பழைய கேம்களில் அப்படி ஒரு வரியே இருக்காது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Manage 3D settings` போய் `Preferred refresh rate` என்பதை `Highest available` ஆக்கினால் பெரும்பாலும் வழிக்கு வரும். அதே பக்கத்தில் `Max Frame Rate` என்று ஒன்று இருக்கிறது, சூட்டைக் குறைக்க எப்போதோ 60 வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் வகை, மானிட்டர் 165 காட்டியும் எஃப்பிஎஸ் 60-இல் நிற்பது. கேமுக்குள் இருக்கும் ஃபிரேம் வரம்பைத் தேடுங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் கன்சோலைத் திறந்து `fps_max 0` அடித்தால் வரம்பு போய்விடும். எந்த வரம்பும் இல்லாமல் எஃப்பிஎஸ் 50-க்கும் 70-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தால் அது கார்டின் அல்லது சிபியூவின் உண்மையான பலம். அங்கே நிழல், ஒளி அமைப்புகளைக் குறைப்பதுதான் வழி, ஹெர்ட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்டன் ரிங் போல 60-க்கு மேல் போகாமலே உருவாக்கப்பட்ட கேம்களும் உண்டு. அதை வைத்து உங்கள் மானிட்டரைச் சோதிக்காதீர்கள்.

கடைசியில் கண்ணால் உறுதிப்படுத்திக்கொள்ள `testufo.com` திறந்தால் போதும். நகரும் படங்கள் வரிசையாக வரும், பக்கத்திலேயே உலாவி அளந்த ஹெர்ட்ஸ் எண் தெரியும். மற்ற தாவல்களை மூடிவிட்டுச் சில நொடி காத்திருந்து பாருங்கள். 165-ஐ ஒட்டி நின்றால் விண்டோஸ் வரைக்கும் பாதை சுத்தம்.

இன்றிரவு நீங்கள் செய்ய வேண்டியது, `Connected to` வரியைப் படித்துவிட்டு, கணினியை அணைத்து, அதே பழைய கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்றுவது. 144 பட்டியலில் வந்துவிட்டால் கார்டும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன, பெட்டியில் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைத் தேடுங்கள். கார்டின் துளையில் செருகியும் 60 மட்டும்தான் என்றால், அந்த வரியில் இருக்கும் பெயரையும், மானிட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாதிரி எண்ணையும் எழுதி அனுப்புங்கள். அதன் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.